விடுதிக்குப் பெயர் வைப்பது: பலகையில் இரண்டு வரி

பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு, ரசீதுப் புத்தகம் என்று சின்னத் தொழில்களுக்கு வடிவமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. அதில் பாதி நேரம் பெயர் வைப்பதிலேயே போய்விடும். கடை, பட்டறை, கிளினிக் எல்லாவற்றுக்கும் பெயர் யோசித்திருக்கிறேன். ஆனால் மாணவர் விடுதி, பி.ஜி. இரண்டுக்கும் பெயர் யோசிப்பதுதான் எனக்குப் பிடித்த தலைவலி. காரணம், இங்கே பெயரைப் பார்த்து முடிவு செய்பவர் ஒருவர், அந்தப் பெயரோடு மூன்று வருடம் குடியிருப்பவர் வேறொருவர். பணம் கட்டும் அப்பாவுக்கு வயிற்றில் புளி கரையாமல் இருக்க வேண்டும். தங்கப் போகும் பெண்ணுக்கு அந்தப் பெயரைத் தோழிகள் முன் சொல்லக் கூச்சமாக இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே சொல்லில் அமைவது அபூர்வம்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தன் மாடி வீட்டைக் கல்லூரி மாணவிகளுக்கான விடுதியாக மாற்றியபோது பெயர் கேட்டு வந்தார். அவர் கதையைச் சொன்னால் மற்றதெல்லாம் அதிலேயே வந்துவிடும். டீச்சர் என்றே குறிப்பிடுகிறேன். நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்.

வரும்போதே ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொண்டு வந்திருந்தார். 'தாய்மடி', 'அன்பு இல்லம்', 'சேஃப் ஹோம்', 'மகிழம்'. கடைசியில் வேறு கையெழுத்தில் 'ராயல் ரெசிடென்சி'. அது மகன் எழுதியதாம்.

முதலில் மகனுடையதைத் தள்ளினோம். ரெசிடென்சி, இன், கம்ஃபர்ட்ஸ் எல்லாம் லாட்ஜ் பெயர்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகும் இடத்தின் வாசனை அவற்றில் அடிக்கும். மேன்ஷன் என்றால் இன்னொரு வாசனை: திருவல்லிக்கேணியும், ஓர் அறையில் நாலு பிரம்மச்சாரிகளும், கொடியில் தொங்கும் பனியன்களும். மேன்ஷனில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் பதினெட்டு வயதுப் பெண்ணை முதன்முதலாக வெளியூரில் விட வருகிறவர்கள் மனதில் எந்தப் படம் எழும் என்பதுதான் இங்கே கணக்கு. 'ராயல்', 'டீலக்ஸ்', 'எக்ஸிக்யூட்டிவ்' வகைக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. மோட்டார் ரிப்பேராகித் தண்ணீர் நின்ற முதல் நாளே ராயல் என்பது கிண்டல் பெயராகிவிடும்.

'சேஃப் ஹோம்' டீச்சருக்கு மிகவும் பிடித்திருந்தது. "பெத்தவங்களுக்கு அதுதானே தம்பி வேணும்?" என்றார். வேண்டியது அதுதான். ஆனால் பெயரில் பாதுகாப்பு என்று எழுதினால் நடப்பது நேர்மாறு. அதுவரை கட்டில், குளியலறை, கல்லூரிக்கு எவ்வளவு தூரம் என்று யோசித்துக்கொண்டிருந்த அம்மா, பலகையைப் பார்த்ததும் 'இந்தப் பக்கம் என்ன ஆபத்து?' என்று யோசிக்கத் தொடங்குவார். யாரும் கேட்காத கேள்விக்குப் பலகை பதில் சொல்வதால் வரும் வினை இது. தவிர, எந்த விடுதியிலும் என்றாவது ஒரு செல்போன் காணாமல் போகும். 'சேஃப் ஹோமில் திருட்டு' என்று யாராவது ரிவ்யூ எழுதினால் பெயரே சாட்சியாகிவிடும். கேர், செக்யூர், ட்ரஸ்ட் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

'அன்பு இல்லம்' பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் தயங்கினேன். இல்லம் அழகான சொல். ஆனால் நம் ஊர்ப் பலகைகளில் அது எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள்: முதியோர் இல்லம், கருணை இல்லம், ஆதரவற்றோர் இல்லம். அன்பு, கருணை, அன்னை போன்ற சொற்கள் முன்னால் வந்துவிட்டால் கேட்கிறவர் மனம் நேராக அங்கேதான் போகும். ஒரு மாணவி வகுப்பில் "நான் அன்பு இல்லத்துல இருக்கேன்" என்று சொன்னால், பக்கத்தில் இருப்பவள் ஒரு நொடி பேச்சை நிறுத்துவாள். அந்த ஒரு நொடியை அவள் மூன்று வருடம் சுமக்க வேண்டும். ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்வது குறை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தான் யார் என்பதைப் பற்றி ஒரு பெயர் தவறான கதை சொல்லும்போது அதைத் திருத்தும் வேலை தங்குகிறவள் தலையில் விழுகிறது, அவ்வளவுதான். ஆனால் 'இல்லம்' முழுக்க ஆகாது என்றும் சொல்ல மாட்டேன். ஒருவருடைய வீட்டுப் பெயரோடு சேர்ந்து வந்தால் வெறும் வீடாகத்தான் ஒலிக்கும். காப்பகம் என்ற சொல்லை மட்டும் எந்தச் சேர்க்கையிலும் பக்கத்தில் விடமாட்டேன்.

தங்குகிறவர் தலையில் பெயர் விழுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அரசு விடுதிகளே உதாரணம். தமிழ்நாட்டில் பல நலத்துறைகளின் கீழ் நடக்கும் மாணவர் விடுதிகளின் பலகைகளில் அந்தந்தப் பிரிவின் பெயரே பெரிதாக இருந்தது. ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி என்றுதான் முகவரி சொல்ல வேண்டும். முகவரி கேட்டவருக்குச் சாதியும் சேர்ந்து தெரிந்துவிடும். 2025 ஜூலையில் இவை எல்லாவற்றையும் 'சமூகநீதி விடுதிகள்' என்ற ஒரே பெயரில் அழைக்கப்போவதாக அரசு அறிவித்தது. பெயரை மாற்றினால் சோறு மாறுமா, கூரை மாறுமா என்று கேட்டவர்களும் உண்டு, நியாயமான கேள்விதான். ஆனாலும் வகுப்பில் எழுந்து நின்று விடுதியின் பெயரைச் சொல்ல வேண்டிய பிள்ளையின் இடத்திலிருந்து பார்த்தால் அந்த மாற்றத்தின் எடை தெரியும்.

'தாய்மடி'க்கு வருவோம். எங்களுக்குள் வாக்குவாதமே இதில்தான். டீச்சர் மனதில் இருந்தது உண்மையான பாசம். முதல் மாதம் அழுதுகொண்டே இருக்கும் பெண்களைப் பள்ளி விடுதியில் அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஆனால் வருகிறவளுக்கு ஏற்கெனவே ஒரு தாய் இருக்கிறாள். அவள்தான் கையில் பக்கெட்டும் தலையணையுமாகப் பக்கத்தில் நிற்கிறாள். அவள் கண்ணெதிரே இன்னொருவர் தாய்மடி என்று பலகை மாட்டினால் ஆறுதலைவிட லேசான எரிச்சல்தான் வரும். மகளுக்கோ முதல் வருடம் அழுகை வரலாம். மூன்றாம் வருடம் அவளுக்கு வேண்டியது மடியில்லை, சாவி.

இன்னொன்றும் இருக்கிறது. வேறோர் ஊரில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் பெரிய எழுத்தில் 'இது விடுதி அல்ல, உங்கள் வீடு' என்று இருந்தது. அதற்கு நேர் கீழே லேமினேட் செய்த தாள்: இரவு 8.30-க்கு மேல் வந்தால் அபராதம், அயர்ன் பாக்ஸ் பயன்படுத்தினால் அபராதம், விருந்தினர் மாடிக்கு வந்தால் அபராதம். விதிகள் எல்லாம் தேவையானவையாகவே இருக்கலாம். அயர்ன் பாக்ஸால் ஒயர் கருகிய கதை எல்லா வார்டனிடமும் ஒன்று இருக்கும். ஆனால் வீடு என்று பெயர் வைத்துவிட்டால் ஒவ்வொரு விதியும் அந்தப் பெயரோடு மோதும். விடுதி என்று பெயர் இருந்தால் அதே விதிகள் இயல்பாகத் தெரியும். வீடு மாதிரி இருப்பது நடத்துகிற விதத்தில் வர வேண்டும். பெயரிலேயே அதை அறிவித்துவிட்டால், தங்குகிறவர்கள் அதைக் கணக்குப் பார்த்து வசூலிப்பார்கள்.

டீச்சர் கொஞ்சம் வாடிப்போய், "அப்ப எதைத்தான் வைக்கிறது?" என்றார்.

நான் எப்போதும் செய்வது, பெயரை இரண்டு வரியாகப் பிரிப்பது. மேல் வரி தங்குகிறவர்களுக்கு, கீழ் வரி பெற்றோருக்கு. கீழ் வரியில் அழகு வேண்டாம். அது இன்ன இடம், இன்னாருக்கு மட்டும், இன்னார் நடத்துகிறார் என்று சப்பென்று சொன்னால் போதும். 'மாணவியர் விடுதி' என்பதில் பெற்றோரின் முதல் கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறது. நடத்துபவர் பெயரைச் சின்னதாகச் சேர்த்தால் இரண்டாவதற்கும் பதில் கிடைக்கும். பெயரும் முகமும் உள்ள ஒரு மனுஷி பின்னால் நிற்கிறார் என்பதுதான் நம்பிக்கையைக் கொடுக்கிறது. எத்தனை 'சேஃப்' போட்டாலும் அது வராது. டீச்சர் விஷயத்தில் 'ஓய்வு பெற்ற ஆசிரியை' என்ற மூன்று சொல்லே பாதி வேலையை முடித்துவிட்டது.

கீழ் வரி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டால் மேல் வரிக்குச் சுதந்திரம் கிடைக்கும். அதைச் சோதிக்க என்னிடம் மூன்று வாக்கியங்கள் உண்டு. பெயரை அவற்றில் போட்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். ஒன்று, தோழியிடம்: "நான் ...ல இருக்கேன்." இரண்டு, ஆட்டோக்காரரிடம்: "... வாசல்ல இறக்கி விடுங்கண்ணா." மூன்று, ராத்திரி போனில் பெற்றோரிடம்: "வணக்கம், ... வார்டன் பேசுறேன்." மூன்றிலும் உட்காரும் பெயர்தான் பெயர். 'தாய்மடி' முதல் வாக்கியத்திலேயே சிரிப்பு மூட்டிவிட்டது. "நான் தாய்மடியில இருக்கேன்" என்று டீச்சரே சொல்லிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

'மகிழம்' மூன்றையும் தாண்டியது. சின்னப் பெயர், நல்ல ஒலி, டீச்சருக்குப் பிடித்த பூ. ஆனால் அதை வேறோர் இடத்தில் சிக்கவைத்தது ழகரம். இன்று விடுதி தேடுவது போனில், பெரும்பாலும் ஆங்கில எழுத்தில். டீச்சரின் உறவினர்களைக் கூப்பிட்டு, பெயரைச் சொல்லி, டைப் செய்யச் சொன்னோம். Magizham, Makizham, Magilam, Mahizham என்று ஆளுக்கொன்று வந்தது. ஒருவர் தேடியபோது வேறோர் ஊர் நர்சரி ஒன்று வந்து நின்றது. ழ, ள, ல மூன்றும் நாக்கிலேயே குழம்பும் எங்கள் பக்கத்தில், போனில் கேட்ட பெயரைச் சரியாக எழுதுவது இன்னும் கஷ்டம். 'நிழல்' என்று பெயர் வைக்க ஆசைப்பட்ட ஒருவருக்கும் இதையே சொல்லியிருக்கிறேன். தமிழில் மட்டும் எழுதப்படும் பெயராக இருந்தால் ழகரத்துக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

அப்புறம்தான் வீட்டைப் பார்க்கப் போனோம். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய புன்னை மரம். தெருமுனையிலிருந்தே தெரிந்தது. பிடித்த மரம் மகிழம், வீட்டில் இருப்பது புன்னை. "புன்னைன்னு வைக்கலாமே டீச்சர், மரத்தைப் பார்த்து ஆட்டோக்காரரே நிறுத்திடுவார்" என்றேன். மூன்று வாக்கியத்திலும் சொல்லிப் பார்த்தார். "புன்னை வார்டன் பேசுறேன்." நன்றாகத்தான் இருந்தது. Punnai என்று எழுதுவதிலும் பெரிய குழப்பம் இல்லை. ஒரு n விட்டுப்போகும் ஆபத்து மட்டும் உண்டு.

அதற்குள் டீச்சருக்கு ஒரு பயம் வந்துவிட்டது. "பிள்ளைங்க பூனைன்னு கூப்பிடுவாங்களே தம்பி!" கூப்பிடத்தான் செய்வார்கள். எந்த விடுதிக்கும் ஒரு மாதத்தில் பட்டப்பெயர் வந்துவிடும், நாம் தடுக்க முடியாது. நாம் பார்க்க வேண்டியது, அந்தப் பட்டப்பெயர் தங்குகிறவர்களைக் குத்துமா, இல்லை அவர்களே செல்லமாக வைத்துக்கொள்வதா என்பதை. அன்பு இல்லத்திலிருந்து பிறக்கும் பட்டப்பெயர் முதல் வகை. பூனை இரண்டாவது வகை. பின்னால் அந்தப் பெண்கள் தங்கள் வாட்ஸப் குழுவுக்கு வைத்த படம் ஒரு பூனை என்று கேள்விப்பட்டேன். பெயர் அவர்கள் கைக்குப் போய்விட்டது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

சாமி பெயர் பற்றியும் பேசினோம், ஆனால் சுருக்கமாக. நடத்துகிறவர் தன் இஷ்ட தெய்வத்தின் பெயரை வைப்பது அவர் உரிமை. ஒரே மதத்துப் பெற்றோருக்கு அது ஆறுதலும் தரும். மற்றவர்களுக்கு 'இது நமக்கான இடமில்லை போல' என்று தோன்றலாம். நடைமுறைச் சிக்கல் வேறு: கல்லூரி உள்ள ஊர்களில் ஒரே சாமி பெயரில் நாலு விடுதி இருக்கும், கூரியர் தினமும் இடம் மாறும். டீச்சர் பூஜையறையில் சாமியை வைத்துக்கொள்கிறேன் என்று முடித்துவிட்டார். கல்லூரியின் பெயரை ஒட்டவைப்பது மட்டும் கூடவே கூடாது. கல்லூரியே நடத்தும் விடுதி என்று நம்பி வந்த பெற்றோருக்கு, இல்லை என்று தெரிந்த பிறகு நாம் சொல்லும் எதுவும் காதில் ஏறாது.

பலகையின் அளவில் எனக்கும் டீச்சருக்கும் உடன்பாடு வரக் கொஞ்சம் நேரமானது. 'லேடீஸ் ஹாஸ்டல்' என்று தெருவுக்கே தெரிகிற மாதிரி விளக்குப் பலகை வைப்பதுதான் வழக்கம். பெற்றோருக்கு அது கண்ணில் பட வேண்டும், சரி. ஆனால் உள்ளே இருக்கும் பெண்கள் அதை விரும்புவதில்லை. இங்கே இத்தனை பெண்கள் தங்கியிருக்கிறார்கள் என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிற பலகை அது; டீக்கடை பெஞ்சு எதிரில் முளைப்பதும் அதனால்தான் என்று ஒரு மாணவி என்னிடம் சொன்னாள். இரண்டு வரி உத்தி இங்கேயும் உதவியது. தெருவிலிருந்து படிக்கும் அளவில் 'புன்னை' மட்டும். 'மாணவியர் விடுதி' என்பது கேட் முன் நின்றால் படிக்கிற அளவில். தேடி வருகிறவருக்கு அது போதும். சும்மா போகிறவருக்கு அது ஒரு வீடு. முதலில் தமிழ், பெரிதாக. அதன் கீழே ஆங்கிலம்.

மேப்ஸில் போடும்போது பலரும் சறுக்குவார்கள். 'பெஸ்ட் லேடீஸ் பி.ஜி. நியர் காலேஜ்' என்று பெயருக்குப் பின்னால் தேடல் சொற்களை அடுக்கினால் முதலில் வரும் என்று யாராவது ஆலோசனை சொல்லியிருப்பார்கள். கூகுளின் விதிப்படி அங்கே போட வேண்டியது பலகையில் உள்ள உண்மைப் பெயர்தான். கூடுதல் சொற்களைச் சேர்த்தால் பட்டியலையே முடக்கலாம். விடுதி என்ற வகையைத் தேர்ந்தெடுக்கத் தனி இடம் இருக்கிறது. பெற்றோர் பார்வையிலும், போனில் ஒரு பெயர் வாசலில் ஒரு பெயர் என்றால் சந்தேகம் அங்கேயே தொடங்கிவிடும்.

அதே பெயரில் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று தேடுவதும் அவசியம். ஊருக்குள் ஒரு புன்னை இருந்தால் வேறு பெயர்தான். வர்த்தக முத்திரைப் பதிவேட்டில் தங்குமிடச் சேவைகள் 43-ஆம் வகுப்பில் வரும். அதில் தேடிப் பார்க்கக் கட்டணம் இல்லை. 'மாணவியர் விடுதி' மாதிரி வெறும் வகையைச் சொல்லும் சொற்களை யாரும் தனக்கே உரியது என்று எளிதில் பதிவு செய்ய முடியாது என்பதால் கீழ் வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். மேல் வரியைத் தேடினால் போதும்.

பெற்றோரின் நம்பிக்கை உண்மையில் உடைகிற இடம் ஒன்று இருக்கிறது. அது பலகையைத் தாண்டி, முன்பணம் அனுப்பும் நேரத்தில் வரும். அப்பா கேட் வாசலில் நின்று க்யூ.ஆர். குறியை ஸ்கேன் செய்கிறார். திரையில் விடுதிப் பெயர் வருவதில்லை. யாரோ ஓர் ஆணின் பெயரோ, சம்பந்தமில்லாத ஏதோ டிரேடர்ஸ் பெயரோ வருகிறது. "இது யாருங்க?" என்று கேட்பார். "என் மச்சினன் அக்கவுண்ட்தான் சார்" என்று பதில் வரும். அதுவரை சேர்த்த நம்பிக்கையில் பாதி அங்கேயே கரைந்துவிடும். அனுமதிச் சான்றில் ஒரு பெயர், ரசீதில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர் என்றிருக்கும் விடுதிகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இருந்திருக்காது, அவசரத்தில் அப்படி அமைந்திருக்கும். பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அதனால் பெயர் முடிவானதும் வரிசையைச் சொல்லிவிடுவேன். தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்களை ஒழுங்குபடுத்த 2014-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி பதிவும் உரிமமும் வாங்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் எழுதும் பெயரே மூலப் பெயர். தொழில் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்க வங்கியும் அந்தப் பெயருள்ள சான்றுகளைக் கேட்கும். கணக்கு வந்தால் க்யூ.ஆர். திரையில் விடுதிப் பெயரே வரும். ரசீது அதற்குப் பிறகு, பலகை எல்லாவற்றுக்கும் கடைசியில். பலகைதான் கண்ணுக்கு அழகு என்பதால் எல்லோரும் அதை முதலில் செய்யச் சொல்வார்கள். டீச்சரின் மகனும் சொன்னார். டீச்சர் மட்டும் விண்ணப்ப நகலை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஆங்கிலப் பெயரில் ஒரு n குறைவதைக் கண்டுபிடித்து, சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். திருத்திய நகல் கைக்கு வந்த பிறகுதான் பலகைக்காரருக்கு அளவே கொடுத்தார்.